தடையின்மைச் சான்று: ஒப்பமிடும் அலுவலர் எதற்குப் பொறுப்பேற்கிறார்?

வாகனக் கடனைக் கட்டி முடித்த வாடிக்கையாளருக்கு வங்கி படிவம் 35-ஐயும், அதனுடன் ஒரு தடையின்மைச் சான்றையும் வழங்குகிறது. அந்த வாகனத்தின் மீது தனக்கு இருந்த உரிமை முடிந்துவிட்டது என்பதே அச்சான்றின் பொருள். கணக்கில் நிலுவை இல்லையெனில் வங்கிக்கு அதை வழங்குவதில் தயக்கம் இராது. ஆனால் அதே பெயருடைய சான்றைத் தம் அலுவலகத்தில் கேட்கும் ஊழியர் பலர், வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. மேலதிகாரிக்கு மனமில்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் காரணம் அதுவன்று. தாம் எதற்குப் பொறுப்பேற்று ஒப்பமிட வேண்டும் என்பது அந்த விண்ணப்பத்திலிருந்து அதிகாரிக்குத் தெரிவதில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வாழும் தமிழர்க்கு இப்பொருள் மிகவும் நெருக்கமானது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மறு மாநிலத்திலுமாக அமைந்த குடும்பங்கள் இங்கே உண்டு. களியக்காவிளையைக் கடந்து நாள்தோறும் பணிக்குச் செல்லும் அரசு ஊழியர் ஒருவர் முதன்முறையாகக் கடவுச்சீட்டு பெற விரும்பினால், தமிழ்நாட்டு அலுவலகம் வழங்கும் சான்றைக் கேரளத்துக் கடவுச்சீட்டு அலுவலகம் ஏற்க வேண்டியிருக்கும். இக்கட்டுரை அந்த ஒரு நேர்வை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாக விளக்குகிறது.

சான்று யாருக்காக, எதற்காக?

வெளிநாடு செல்வது குடிமகனின் தனிமனித உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. அதனையடுத்து அதே ஆண்டு ஜூனில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. கடவுச்சீட்டை மறுப்பதற்குரிய காரணங்களை அச்சட்டத்தின் 6(2)-ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது, பிடியாணையோ அழைப்பாணையோ பிறப்பிக்கப்பட்டிருப்பது, ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருப்பது முதலியவை அவற்றுள் அடங்கும்.

ஆகவே கடவுச்சீட்டை வழங்குவதோ மறுப்பதோ வேலை அளிப்பவரின் அதிகாரத்தில் இல்லை. அப்படியிருக்க, அரசு மற்றும் பொதுத்துறை ஊழியரிடம் மட்டும் சான்று கேட்கப்படுவது ஏன்? தன் ஊழியரைப் பற்றி அலுவலகம் அறிந்திருக்கும் செய்திகளைக் கடவுச்சீட்டு அலுவலகம் தானே திரட்ட இயலாது. அவர் உண்மையில் இப்பதவியில் இருக்கிறாரா, அவர் மீது நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்பன பணிப்பதிவேட்டையும் கோப்புகளையும் வைத்திருப்பவருக்கே தெரியும். விசாரணையை எதிர்நோக்கும் ஊழியர் ஒருவர் அலுவலகம் அறியாமல் நாட்டை விட்டுச் சென்றுவிடக் கூடாது என்பதும் இதன் பின்னுள்ள எண்ணம். தனியார் நிறுவன ஊழியர் கடவுச்சீட்டு பெற இத்தகைய சான்று அளிக்கத் தேவையில்லை.

தடையின்மைச் சான்றுக்குரிய படிவம் ‘இணைப்பு ஜி’ எனப்படும். அதில் அதிகாரி ஒப்பமிடும் செய்திகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, இன்னார் இன்ன நாள் முதல் எங்கள் அலுவலகத்தில் இன்ன பதவியில் பணியாற்றுகிறார் என்பது. இரண்டாவது, 6(2)-ஆம் பிரிவில் கூறப்பட்டவை இவருக்குப் பொருந்தவில்லை என்பது. மூன்றாவது, இவர் இந்தியக் கடவுச்சீட்டு பெறுவதில் எங்களுக்குத் தடையில்லை என்பது. இவற்றுள் முதல் இரண்டும் பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லவேண்டிய உண்மைகள்; மூன்றாவது மட்டுமே அலுவலகத்தின் நிலைப்பாடு. முதலிரண்டும் தெளிவாகிவிட்டால் மூன்றாவதற்குப் பெரும்பாலும் சிக்கல் இராது. எனவே, இந்த உண்மைகளை ஒரே வாசிப்பில் சரிபார்க்க உதவும் விண்ணப்பமே எளிதில் ஒப்புதல் பெறும்.

திரும்பி வந்த விண்ணப்பம்

செங்கல் ஊராட்சியில் சொந்த வீடுள்ள ஒரு செவிலியரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அவர் பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். மகள் மஸ்கட்டில் வசிக்கிறார். பேறுகாலத்தில் அவருடன் இருக்க வேண்டும் என்பது அன்னையின் விருப்பம். அதற்கு முதற்படி கடவுச்சீட்டு. அவர் முதலில் எழுதிய விண்ணப்பம் இரண்டே வரிகளைக் கொண்டிருந்தது:

“என் மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு வருகிற மார்ச் மாதம் மஸ்கட் செல்ல வேண்டியுள்ளது. ஆகையால் எனக்குத் தடையின்மைச் சான்று வழங்கி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.”

பணிவிலோ நேர்மையிலோ இதில் குறையில்லை. எனினும் இதைக் கையில் எடுக்கும் பிரிவு உதவியாளரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்பது கடவுச்சீட்டுக்கான சான்றா, வெளிநாடு செல்வதற்கான அனுமதியா? இவை வேறு வேறு கோப்புகள். வெளிநாட்டுப் பயண அனுமதி எனில் எத்தனை நாள் விடுப்பு, கணக்கில் விடுப்பு உள்ளதா, செலவை யார் ஏற்கிறார், வார்டில் மாற்று ஏற்பாடு என்ன என்ற வினாக்கள் எழும். சான்றை எந்த அலுவலகத்திற்கு, எந்தப் படிவத்தில் வழங்குவது என்பதும் குறிப்பிடப்படவில்லை. உதவியாளர் “விவரம் கோரலாம்” என்று குறிப்பெழுதினார். பத்து நாள்களுக்குப் பின் விண்ணப்பம் திரும்பி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மார்ச் மாதம், மஸ்கட், பேறுகாலம் ஆகிய மூன்றும் உண்மையான விவரங்களே. ஆனால் இணைப்பு ஜி படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. கடவுச்சீட்டு பெறுவதற்கும் ஒரு குறிப்பிட்ட பயணத்திற்கும் நேரடித் தொடர்பில்லை. அது பொதுவாகப் பெரியவர்களுக்குப் பத்தாண்டுகள் செல்லுபடியாகும் ஆவணம். பயண விவரத்தைச் சேர்த்ததால், விடுப்பு, ஆள் பற்றாக்குறை முதலிய தொடர்பற்ற வினாக்களுக்கு விண்ணப்பமே வழிதிறந்துவிட்டது. தேவையான விவரத்தை விடுவது போலவே, தேவையற்றதைச் சேர்ப்பதும் காலதாமதத்தை உண்டாக்கும். பயண நாள் உறுதியானதும் அனுமதிக்கும் விடுப்புக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கான சான்று கையிலிருக்கிறது என்பதற்காகப் பயண அனுமதி பெறாமல் புறப்படுவது நடத்தை விதிகளின்படி நடவடிக்கைக்கு இடந்தரும்.

ஒப்புதல் பெற்ற விண்ணப்பம்

இரண்டாம் முறை அவர் எழுதிய விண்ணப்பம் கீழ்வருமாறு அமைந்தது. அடைப்புக்குறிக்குள் உள்ள இடங்களில் அவரவர் விவரத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

“பெறுநர்: (நியமன அலுவலரின் பதவி, அலுவலகம்), உரிய வழியாக.

பொருள்: புதிய கடவுச்சீட்டு பெறுதல் – இணைப்பு ஜி படிவத்தில் தடையின்மைச் சான்று வேண்டுதல் – தொடர்பாக.

நான் (நாள்) முதல் இம்மருத்துவமனையில் நிரந்தரச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். என் பணியாளர் எண் (…). என் பெயரில் இதுவரை கடவுச்சீட்டு பெறப்படவில்லை. திருவனந்தபுரம் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்திற்கு உட்பட்ட நெய்யாற்றின்கரை சேவை மையத்தில் விண்ணப்பிக்க உள்ளேன். என் நிலையான முகவரி (செங்கல் முகவரி). இம்முகவரி என் பணிப்பதிவேட்டில் (பக்கம்) பதிவு செய்யப்பட்டுள்ளது.

என் மீது ஒழுங்கு நடவடிக்கையோ குற்ற வழக்கோ நிலுவையில் இல்லை எனவும், நான் தற்காலிகப் பணிநீக்கத்தில் இல்லை எனவும் உறுதி கூறுகிறேன். இச்சான்று கடவுச்சீட்டு பெறுவதற்கு மட்டுமே. வெளிநாட்டுப் பயணத்திற்கான அனுமதியைத் தேவைப்படும்போது தனியே கோருவேன்.

இணைப்பு: 1. நிரப்பப்பட்ட இணைப்பு ஜி படிவம், இரு படிகள். 2. புகைப்படம் இரண்டு. 3. பணிப்பதிவேட்டின் முதற்பக்க நகல். 4. அடையாள அட்டை நகல்.”

இந்த விண்ணப்பத்தில் ஒவ்வொரு வரியும் ஓர் அலுவலக வேலையைக் குறைக்கிறது. பொருள் வரியைப் படித்ததும் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பது தெரிந்துவிடும். பணியாளர் எண் இருப்பதால் தமிழ்நாட்டில் களஞ்சியம் மென்பொருளிலும், கேரளத்து ஊழியராயின் ஸ்பார்க் தளத்திலும் உடனே ஆளைக் கண்டறியலாம். நிலுவை ஏதுமில்லை என்ற உறுதிமொழி அதிகாரியின் ஆய்வுக்கு மாற்றாகாது. எனினும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அது சுட்டிவிடுகிறது. ‘கடவுச்சீட்டு பெறுவதற்கு மட்டுமே’ என்ற தொடரே இவற்றுள் மிகவும் பயனுள்ளது. தம் கையொப்பம் வேறொன்றுக்கும் பயன்படுத்தப்படுமோ என்ற அதிகாரியின் ஐயத்தை அது நீக்கிவிடுகிறது.

படிவத்தைத் தாமே நிரப்பி இணைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. எழுத்தர் அதைச் சரிபார்த்து அலுவலகக் கடிதத்தாளில் தட்டச்சு செய்து வைத்தால் போதும். தாமே புதிதாக வரைவு எழுதும்போதுதான் 6(2)-ஆம் பிரிவு பற்றிய வாக்கியம் விடுபட்டுப் போகிறது. ‘இவர் நன்னடத்தை உடையவர், கடவுச்சீட்டு பெறுவதில் தடையில்லை’ என்று மட்டும் எழுதப்பட்ட சான்று, சேவை மையத்தின் மேசையில் நிறைவற்றதாகவே கருதப்படும்.

எல்லையில் எழும் இரண்டு இடர்கள்

முதலாவது, பெயர். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன் எழுதுவது வழக்கம். கேரளத்தில் பெயருக்குப் பின் எழுதுவது வழக்கம். ஒருவரே பணிப்பதிவேட்டில் ‘எஸ். மேரி’ எனவும், கேரளப் பள்ளிச் சான்றிதழில் ‘மேரி எஸ்.’ எனவும், ஆதாரில் ‘மேரி செல்வராஜ்’ எனவும் இருக்கக்கூடும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் எப்பெயர் இடம்பெறுமோ அப்பெயரே சான்றிலும் இருத்தல் வேண்டும். பணிப்பதிவேட்டில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தால், அதன் விரிவு தந்தையின் பெயரே என்பதைக் காட்டும் ஆவணத்தை விண்ணப்பத்துடன் முன்கூட்டியே இணைப்பது நன்று. பதிவேட்டில் இல்லாத பெயரில் சான்றளிக்க எந்த அதிகாரியும் தயங்குவார். அது நியாயமான தயக்கமே.

இரண்டாவது, முகவரி. பணியிடத்திற்கு அருகில் வாடகைக்குக் குடியிருந்த காலத்து முகவரியே சிலருடைய பதிவேட்டில் தங்கிவிடுகிறது. கடவுச்சீட்டுக்கான காவல்துறை விசாரணை விண்ணப்பத்தில் தற்போதைய முகவரியாகக் குறிக்கப்பட்ட இடத்திற்கே வரும். பாறசாலைப் பகுதி முகவரியைக் குறித்தால் திருவனந்தபுரம் ஊரகக் காவல்துறைக்கும், கன்னியாகுமரி மாவட்ட முகவரியைக் குறித்தால் அம்மாவட்டக் காவல்துறைக்கும் அது செல்லும். 2018 முதல் நாட்டின் எந்தக் கடவுச்சீட்டு அலுவலகத்தையும் தேர்ந்தெடுக்க வழியுண்டு. ஆனால் விசாரணை நடைபெறும் இடம் அதனால் மாறாது. உண்மையில் வசிக்கும் முகவரியைப் பணிப்பதிவேட்டில் முதலில் திருத்திக்கொண்டு, பின்னர் சான்று கேட்பதே முறையான வரிசை.

மொழி பற்றியும் ஒரு சொல். அலுவலகத்திற்கு எழுதும் விண்ணப்பம் தமிழில் இருக்கலாம். சான்றோ மற்றொரு மாநிலத்தில் உள்ள மத்திய அரசு அலுவலகத்திற்குச் செல்வது. அதைப் படிவத்தில் உள்ளவாறே ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்வது சேவை மையத்தில் எழக்கூடிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

சான்று கைக்கு வந்தபின்

சான்றைப் பெற்றதும் அங்கேயே நின்று ஐந்து செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். அலுவலகக் கடிதத்தாளில் மூலப்படியாக உள்ளதா? கோப்பு எண்ணும் நாளும் இடப்பட்டுள்ளனவா? புகைப்படத்தின் மீது மேலொப்பமும் முத்திரையும் உள்ளனவா? ஒப்பமிட்டவரின் பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை தெளிவாக உள்ளனவா? 6(2)-ஆம் பிரிவு பற்றிய வாக்கியம் இடம்பெற்றுள்ளதா? கடவுச்சீட்டு அலுவலகம் ஐயுற்றால் அந்த மின்னஞ்சல் வழியே அலுவலகத்தைத் தொடர்புகொள்ளும். ஆகவே தொடர்பு விவரம் விடுபடுவது சிறு குறையன்று.

சான்று வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே செல்லும். அதனால் பெயர், முகவரித் திருத்தங்களை முடித்துக்கொண்டு, பிற ஆவணங்கள் கையிலிருக்கும் நிலையில் சான்று கேட்பது நலம். பழைய படிவத்தைப் பார்த்து எழுதுவதும் ஒரு பொதுவான தவறு. 2016 டிசம்பரில் விதிகள் எளிதாக்கப்படுவதற்கு முன் இதே சான்று ‘இணைப்பு எம்’ எனப்பட்டது. அலுவலகத்தின் பழைய கோப்பிலிருந்து மாதிரியை எடுப்பதைத் தவிர்த்து, கடவுச்சீட்டு சேவை இணையதளத்திலிருந்து அன்றைய படிவத்தை எடுத்துக்கொள்க.

சான்று கிடைக்காவிடில்

நியமன அலுவலர் வேறு ஊரில் இருப்பதாலோ, பதவி காலியாக இருப்பதாலோ சான்று தாமதமாகலாம். அந்நிலையில் ‘முன்னறிவிப்புக் கடிதம்’ என்னும் வழி உண்டு; அதற்குரிய படிவம் ‘இணைப்பு எச்’. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறேன் என்பதை ஊழியர் தம் அலுவலகத்திற்கு எழுத்தில் தெரிவித்து, அவ்வாறு தெரிவித்ததற்கான உறுதிமொழியைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் அளிக்கிறார். இங்கே அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அலுவலகத்திற்கு மறுப்பு இருந்தால் அது கடவுச்சீட்டு அலுவலகத்திற்கு எழுதலாம். முடிவு கடவுச்சீட்டு அலுவலகத்தினுடையது.

ஆனால் இவ்வழிக்கும் விலை உண்டு. முன்னறிவிப்பின் பேரில் விண்ணப்பிப்பவருக்குப் பொதுவாகக் காவல்துறை விசாரணை முடிந்த பின்னரே கடவுச்சீட்டு கிடைக்கும். முன்னறிவிப்பு அளித்ததற்கான சான்றாக, அலுவலகத் தபால் பிரிவின் முத்திரையும் நாளும் இட்ட நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். நிலுவையிலுள்ள வழக்கை மறைப்பதற்கு இவ்வழியைப் பயன்படுத்த எண்ணுவது பேராபத்து. தெரிந்தே பொய்த் தகவல் தருவதும் முக்கியத் தகவலை மறைப்பதும் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றங்கள்.

குற்ற வழக்கு உண்மையில் நிலுவையில் இருந்தால், அதிகாரியை வற்புறுத்துவதால் பயனில்லை. 6(2)-ஆம் பிரிவு பொருந்தவில்லை என்று அவர் எழுத இயலாது. அந்நேர்வில் அணுக வேண்டிய இடம் வழக்கு நடைபெறும் நீதிமன்றமே. நீதிமன்றம் வெளிநாடு செல்ல அனுமதி வழங்கினால், அதன் அடிப்படையில் குறிப்பிட்ட காலத்திற்குக் கடவுச்சீட்டு வழங்க 1993 ஆகஸ்ட் 25 நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கை வழிசெய்துள்ளது.

பாறசாலையில் குடியிருந்து கேரள அரசுப் பள்ளியில் பணியாற்றும் தமிழாசிரியருக்கும் இம்முறைகள் அப்படியே பொருந்தும். ஒப்பமிடும் அதிகாரியும் பணியாளர் எண்ணும் மட்டுமே மாறும். விண்ணப்பத்தை அளிக்கும் முன் படிவத்தை எடுத்து, அதிகாரி ஒப்பமிட வேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தின் எதிரிலும் “இதை அவர் எந்த ஆவணத்தைப் பார்த்து உறுதி செய்வார்?” என்று எழுதிப் பார்க்க வேண்டும். விடை எழுத இயலாத இடத்திற்குரிய ஆவணத்தைத் தேடி இணைத்த பின்னரே விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் சேர்க்க வேண்டும்.